படத்தில் இல்லாத கம்பி
(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் சமூகக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர், செயலாளர், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், பின்வரிசையில் எப்போது காபி வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்கள், எல்லோருக்கும் என் நன்றி.

நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். கட்டடக் கலைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, மகள் விட்டுவிட்டுப் போன லேப்டாப்பில் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். வீட்டை முப்பரிமாணத்தில் வரைந்து, வெயில் போட்டு, போட்டோ மாதிரியே படம் எடுக்கிற மென்பொருள் அது. இந்த வேலையை ரெண்டர் என்று சொல்வார்கள். முதல் ஆறு மாதம் நான் போட்ட வீடெல்லாம் தீப்பெட்டி மாதிரி இருந்தது. இப்போது ஓரளவு வீடு மாதிரி இருக்கிறது.

செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் உண்டு. உங்களில் பலருக்கு ஊரிலோ புறநகரிலோ ஒரு சின்ன மனை இருக்கிறது. அதில் வீடு கட்டப் போகும்போது கட்டித் தருகிறவர் முதலில் ஒரு வண்ணப் படம் காட்டுவார். அந்தப் படத்தை எப்படிப் பார்ப்பது, அதில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நீங்களே படம் போடுகிறவராக இருந்தால், எப்படிப் போட்டால் இயல்பாக இருக்கும் என்பதும் இதற்குள் வந்துவிடும். இரண்டும் ஒரே விஷயம்தான்.

என் தம்பி வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்கிறேன்.

தம்பிக்குச் சென்னைப் புறநகரில் அரை கிரவுண்ட் மனை. அகலம் 20 அடி, நீளம் 60 அடி. பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடிகளும் கட்டத் திட்டம். தளத்துக்கு 10 அடி வீதம் மொட்டைமாடித் தரை 30 அடி உயரத்தில் வரும். கைப்பிடிச் சுவர் 3 அடி. முன்பக்கம் 5 அடி திறந்தவெளி, அதன்பிறகு காம்பவுண்டு, அதற்கப்பால் 20 அடித் தெரு. இரண்டு மாடிகளிலும் முன்பக்கம் 3 அடி நீட்டிய பால்கனி.

கட்டித் தருகிறவர் அழகான படம் கொடுத்தார். நீல வானம், வாசலில் சிவப்புக் கார், இரண்டு பக்கமும் புல்வெளி. இருபதடி மனையில் புல்வெளி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். தம்பி, "அண்ணா, படம்னா அப்படித்தான் போடுவாங்க" என்றான். அவன் மனைவிக்குப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

எனக்கு அந்தப் படத்தில் ஏதோ உறுத்தியது. வங்கியில் பேரேடு டேலி ஆகாதபோது வரும் உறுத்தல் அது. கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்த வீட்டில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை, யாருக்கும் வியர்ப்பதில்லை, யாரும் மின்விளக்கு போடுவதில்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை, ஏசியின் வெளிப்பெட்டி இல்லை, தெருவில் மின்கம்பி இல்லை. சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

எங்கே நின்று பார்ப்பது

முதலில் தொட்டியைத்தான் வைத்தேன். மாடிப்படி அறையின் தளத்துக்கு மேல், சின்ன மேடை கட்டி, 1000 லிட்டர் கருப்புத் தொட்டி. படத்தில் அது வீட்டின் நெற்றியில் தொப்பி வைத்த மாதிரி தெரிந்தது. பார்த்தாலே பொய் என்று தெரிந்தது. ஆனால் ஏன் பொய் என்று சொல்லத் தெரியவில்லை.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நீங்களும் கூடவே போடுங்கள். எதிர் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்றால், தெரு 20 அடி, முன் திறந்தவெளி 5 அடி, ஆக வீட்டுச் சுவர் 25 அடி தூரத்தில் இருக்கிறது. என் கண் தரையிலிருந்து 5 அடி உயரத்தில். கைப்பிடிச் சுவரின் உச்சி 33 அடி. அதாவது 25 அடி தூரத்துக்குள் பார்வை 28 அடி மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு அடி தூரத்துக்கும் சுமார் 1.12 அடி ஏற்றம். தொட்டி இருப்பது முன்சுவரிலிருந்து இன்னும் 20 அடி உள்ளே, என்னிடமிருந்து 45 அடியில். அந்த இடத்தில் என் பார்வைக்கோடு 55 அடி உயரத்துக்குப் போய்விடுகிறது. தொட்டியின் உச்சியோ, தளம் 30, படிக்கட்டு அறை 8, மேடை 2, தொட்டி 4, மொத்தம் 44 அடிதான். பார்வைக்கோட்டுக்குப் பதினோரு அடி கீழே.

ஆகவே எங்கள் தெருவில் நின்று நேராகப் பார்த்தால் தொட்டி தெரியவே தெரியாது. தெரிய வேண்டுமானால் சுவரிலிருந்து ஏறக்குறைய 51 அடி பின்னால் போக வேண்டும். அங்கே எதிர் வீட்டுக்காரர் சமையலறை இருக்கிறது.

பிழை தொட்டியில் இல்லை. என் கேமரா எதிர் வீட்டின் சுவருக்குள்ளே புகுந்து நின்றுகொண்டிருந்தது. கணினியில் எதிர் வீடு கிடையாது, அதனால் எவ்வளவு தூரமும் பின்னால் போகலாம். குறுகலான தெருவில் இருக்கும் வீட்டின் படம் பொய்யாகத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். நம் கண்ணுக்கு அந்தத் தெருவின் நெருக்கம் பழக்கம். நூறடி தூரத்திலிருந்து எடுத்த மாதிரி இருந்தால் உடனே அந்நியமாகிவிடும்.

எனவே இரண்டு படம் எடுக்க முடிவு செய்தேன். ஒன்று தெருவில் நின்று. அதில் தொட்டி தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. இன்னொன்று எதிர் வீட்டின் இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து. அங்கே கண் 26 அடி உயரத்தில் இருக்கும். அதே கணக்கைப் போட்டால் பார்வைக்கோடு தொட்டி இருக்கும் இடத்தில் 38½ அடி உயரத்தில்தான் போகிறது. தொட்டி முழுசும் தெரிகிறது, அது உட்கார்ந்திருக்கும் மேடையும் பெரும்பாலும் தெரிகிறது.

தெருப் படத்துக்கு இன்னொரு விஷயம் உண்டு. அவ்வளவு கிட்டத்தில் நின்று உயரமான வீட்டைப் பிடிக்க எல்லோரும் கேமராவை மேல்நோக்கிச் சாய்ப்பார்கள். சாய்த்தால் வீட்டின் இரண்டு பக்கச் சுவரும் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கட்டடப் படம் எடுக்கிறவர்கள் கேமராவைச் சமமாக வைத்து லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவார்கள். பிளெண்டரில் கேமரா அமைப்பில் `Shift Y` என்று இருக்கிறது. நான் லென்ஸை 24 மில்லிமீட்டர் என்றும், படத்தை நெடுக்குவாட்டிலும் வைத்து, `Shift Y` 0.32 கொடுத்தேன். தரையிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை சுவர்கள் செங்குத்தாக நின்றன.

ஒவ்வொரு பொருளுக்கும் வரவும் செலவும்

இப்போது தொட்டிக்கு வருவோம். இணையத்தில் இலவசமாகத் தொட்டி மாதிரி கிடைக்கும். எடுத்து வைத்தால் ஒட்டாது. ஏன் என்றால் அது தனியாக நிற்கும். உண்மையான தொட்டிக்குக் கீழே வீட்டுக்குப் போகும் குழாய் இருக்கிறது. மோட்டாரிலிருந்து மேலே ஏறி மூடிக்குக் கிட்டே உள்ளே போகும் குழாய் இருக்கிறது. நிரம்பி வழியும் தண்ணீருக்கு ஒரு குழாய். கழுவிவிட அடியில் ஒரு குழாய், அதில் வால்வு. வங்கியில் சொல்வோமே, வவுச்சர் இல்லாத பதிவு சஸ்பென்ஸில்தான் கிடக்கும் என்று. குழாய் இல்லாத தொட்டியும் அப்படித்தான். தண்ணீர் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று காட்டிவிட்டால் தொட்டி தானாகவே வீட்டோடு ஒட்டிக்கொள்கிறது.

நிறத்தில் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். கருப்புத் தொட்டிதானே என்று முழுக் கருப்பு கொடுத்தேன். படத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தது. உலகத்தில் முழுக் கருப்புப் பொருள் கிடையாது. கருப்பு பிளாஸ்டிக்கும் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்காவது திருப்பி அனுப்பும். `Base Color` மதிப்பை 0.04 என்று மாற்றியதும் தொட்டிக்கு உருண்டை வடிவம் வந்தது. அதேபோல வெள்ளைச் சுவருக்கு முழு வெள்ளை கொடுக்கக்கூடாது. 0.8க்கு மேல் போனால் சுவர் பேப்பர் மாதிரி ஆகிவிடும். பிறகு தொட்டியின் மேல்மூடியில் மட்டும் கொஞ்சம் சாம்பல் நிறம் ஏற்றினேன். தூசி மேலே பார்த்த முகத்தில்தான் படியும், பக்கவாட்டில் மழை கழுவிவிடும். எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அழுக்குப் பூசினால் அதுவும் பொய்.

ஏசி வெளிப்பெட்டியும் இதே கதைதான். ஒன்றரை டன் ஏசியின் வெளிப்பெட்டி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் அகலம், 55 உயரம், 30 ஆழம். நம் பால்கனியில் இருப்பதை நீங்களே அளந்து பார்க்கலாம். முதலில் நான் ஒரு பெட்டி செய்து, அதையே நகலெடுத்து மூன்று மாடியிலும் ஒரே நேர்கோட்டில் சுவரில் ஒட்டவைத்தேன். ஸ்டாம்பு ஒட்டிய மாதிரி இருந்தது.

பெட்டி சுவரில் ஒட்டாது. இரண்டு இரும்புக் கோண ஆணிச்சட்டத்தின்மேல் உட்காரும். பின்னால் காற்று இழுக்கச் சில அங்குலம் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிதான் சுவரில் நிழலைக் கொடுக்கிறது, அந்த நிழல்தான் பெட்டிக்குக் கனத்தைக் கொடுக்கிறது. பெட்டிக்குப் பக்கத்திலிருந்து கருப்பு உறை போட்டு வெள்ளை டேப் சுற்றிய செம்புக்குழாய் கிளம்பி, சுவரில் ஒரு துளைக்குள் நுழையும். துளைக்குப் பின்னால் படுக்கையறை இருக்க வேண்டும். மாடிப்படிக்குப் பின்னால் ஏசி போடுகிறவர் யாரும் இல்லை. இன்னொன்று, அறைக்குள் சேரும் தண்ணீரை வெளியே விடும் மெல்லிய குழாய். அது முடியும் இடத்துக்குக் கீழே சுவரில் ஒரு கறை. இந்தக் கறையைப் போட்டதும் படம் பார்த்த தம்பி மனைவி, "இது நம்ம வீடுதான்" என்றாள். புதுவீட்டுப் படத்தில் கறை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கட்டிய வீட்டில் இரண்டு வருஷத்தில் வரப்போவதுதானே. அந்தக் குழாயைக் கழிவுநீர்க் குழாயோடு சேர்க்க வேண்டும் என்று படத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே தோன்றியது.

பெட்டிக்கு எங்கே இடம் என்று தேடும்போது இன்னொரு விஷயம் தெரிந்தது. கட்டித் தருகிறவர் வாய்மொழியாக, பெட்டிகளைப் பக்கச் சந்தில் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். சந்து 3 அடி. பெட்டி 1 அடி, பின்னால் அரை அடி. மிச்சம் ஒன்றரை அடி. தரைத்தளத்தில் மாட்டினால் ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடியும். மேல்மாடியில் மாட்டினால் பழுது பார்ப்பவர் ஏணி சாய்க்க இடமில்லை. மூன்று பெட்டியின் அனலும் பக்கத்து வீட்டு ஜன்னலில் அடிக்கும். படத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இது உறைத்தது. இரண்டு பெட்டியை மொட்டைமாடிக்கும் ஒன்றைப் பின்பக்கத்துக்கும் மாற்றினோம். குழாய் நீளம் கூடியதால் செலவும் கொஞ்சம் கூடியது. பரவாயில்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுவதற்கு ஆகும் செலவு அதைவிட அதிகம்.

கம்பி

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம்.

தம்பி வீட்டுத் தெருவில் மின்சாரம் தலைக்கு மேலே போகிறது. சிமெண்டுக் கம்பத்தில் வெறும் அலுமினியக் கம்பிகள். அவற்றுக்குக் கீழே கேபிள் டிவி, இணைய ஒயர்கள். மிச்ச ஒயரைச் சுருட்டிக் கம்பத்தில் வளையமாகத் தொங்கவிட்டிருப்பார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கம்பியை நான் முதலில் நேர்கோடாக இழுத்தேன். அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருந்தது. எந்தக் கம்பியும் தன் கனத்தால் நடுவில் தொங்கும். சரி என்று வளைத்தேன், அப்போதும் சரியாக வரவில்லை. ஏன் என்றால் படத்தின் சட்டத்துக்குள் தெரியும் இரண்டு ஓரங்களுக்கு நடுவே வளைத்துவிட்டேன். உண்மையில் கம்பங்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. அந்தத் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் சுமார் 35 மீட்டர். அதன் ஒரு துண்டுதான் நம் வீட்டின் முன்னால் தெரியும். அந்தத் துண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கும், வீட்டின் நட்டநடுவில் தாழ்ந்திருக்காது. எனவே படத்தில் தெரியாவிட்டாலும் இரண்டு கம்பத்தையும் அதனதன் இடத்தில் நட்டுவிட்டு, கம்பியை அங்கிருந்து அங்கே கட்டினேன்.

வளைவைச் சரியாகக் கொண்டுவர ஒரு எளிய வழி இருக்கிறது. பிளெண்டரில் `Bezier` என்ற வளைகோட்டை எடுத்து, இரண்டு முனையையும் கம்பங்களில் வையுங்கள். ஒவ்வொரு முனைக்கும் ஒரு கைப்பிடி உண்டு. முதல் கைப்பிடியைத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கிலும், மற்றதை மூன்றில் இரண்டு பங்கிலும் வைத்து, இரண்டையும் ஒரே அளவு கீழே இறக்குங்கள். கைப்பிடி எவ்வளவு இறங்கியதோ அதில் முக்கால் பங்கு கம்பி நடுவில் தொங்கும். எனக்கு 15 அங்குலம் தொங்க வேண்டியிருந்தது, கைப்பிடியை 20 அங்குலம் இறக்கினேன். மின்கம்பி இழுத்துக் கட்டியது, குறைவாகத் தொங்கும். கேபிள் ஒயர் ஏனோதானோவென்று கட்டியது, அதை மூன்று அடி வரைக்கும் தொங்கவிட்டேன். எல்லாம் ஒரே அளவில் தொங்கினால் இசைக்கருவியின் நரம்பு மாதிரி இருக்கும், தெரு மாதிரி இருக்காது.

தடிமன் அடுத்தது. மின்கம்பி பென்சில் தடிமன்தான். 8 மில்லிமீட்டர் என்று வைத்து `Bevel` என்ற இடத்தில் `Depth` 0.004 கொடுத்தேன், அது ஆரம் என்பதால் பாதி. 1920 பிக்ஸல் உயரப் படத்தில் வீட்டின் முன்னால் போகும் கம்பி ஏறக்குறைய ஒன்றரை பிக்ஸல்தான் வரும். தூரத்துக் கம்பி அரை பிக்ஸல்கூட வராது, புள்ளிபுள்ளியாக உடையும். இதைப் பார்த்துப் பயந்து பலர் கம்பியைத் தடியாக்கிவிடுவார்கள். தண்ணீர்க் குழாய் தெருவில் பறக்கிற மாதிரி ஆகிவிடும். தடியாக்காதீர்கள். படத்தை இரண்டு மடங்கு பெரிதாக எடுத்து, பிறகு பாதியாகச் சுருக்குங்கள். இன்னொரு எச்சரிக்கை: படத்தில் வரும் மணல்மணலான புள்ளிகளைத் துடைக்க `Denoise` என்று ஒரு வசதி இருக்கிறது. அவசரப்பட்டுக் குறைந்த `Samples` வைத்து அதைப் போட்டால், மெல்லிய கம்பியையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். எனக்கு ஒருநாள் காலையில் பார்த்தால் இரண்டு கம்பி காணவில்லை.

கம்பியின் நிழல் ஒரு அழகான சோதனை. வீடு கிழக்குப் பார்த்தது. காலை வெயிலில் கம்பியின் நிழல் சுவரில் விழும். ஆனால் மெல்லிய கம்பியின் நிழல் தூரம் போகப்போக மங்கிக் கலைந்துவிடும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலம் உள்ள வட்டம். ஐந்தடி தூரத்திலேயே அந்த மங்கல் 14 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது, கம்பியோ 8தான். அதனால் நிழல் கருங்கோடாக இராது, லேசான சாம்பல் கீற்றாகத்தான் இருக்கும். சூரிய விளக்கின் `Angle` 0.526° என்று இருந்தால் கணினியே இதைச் சரியாகச் செய்துவிடும். சுவரில் பேனாவால் கோடு போட்ட மாதிரி நிழல் இருந்தால் அந்த எண்ணை யாரோ சுழியாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இவ்வளவும் செய்து முடித்து, எதிர் வீட்டு இரண்டாம் மாடியிலிருந்து பார்க்கும் படத்தை எடுத்தேன். கம்பி எங்கள் இரண்டாம் மாடி பால்கனியின் தரையை ஒட்டிப் போனது.

முதலில் நான் அளவில் தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மறுநாள் போய் மறுபடி பார்த்தேன். இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கம்பியை அளக்க டேப்பையோ கழியையோ மேலே நீட்டாதீர்கள், இரும்பு நாடா மின்சாரத்தைக் கடத்தும். நான் கம்பிக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸில் அடையாளம் போட்டு, அங்கிருந்து சுவர் வரும் இடத்துக்குத் தரையிலேயே அளந்தேன். உயரத்துக்கு, கம்பத்தின் பக்கத்தில் தம்பியை நிற்கவைத்துப் போட்டோ எடுத்து, தம்பியின் உயரத்தை வைத்து விகிதம் போட்டேன். சுமாரான கணக்குதான், ஆனால் போதும்.

வீட்டுக்கு மிகப் பக்கத்தில் போகும் கம்பி, சுவர் வரும் இடத்திலிருந்து 5½ அடியில். உயரம் 20 அடிக்குச் சற்று மேலே. இரண்டாம் மாடித் தரை சரியாக 20 அடி. பால்கனி 3 அடி நீட்டினால், அதன் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவே 2½ அடி.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைப்படி, வீடுகளுக்கு வரும் குறைந்த அழுத்தக் கம்பி கட்டடத்தின் பக்கவாட்டில் போகும்போது, காற்றில் ஆடினாலும் குறைந்தது 1.2 மீட்டர், அதாவது 4 அடி விலகியிருக்க வேண்டும். கட்டடத்துக்கு மேலே போனால் 2.5 மீட்டர் உயரம் வேண்டும். எங்களுக்கு ஒன்றரை அடி குறைந்தது. அது வெறும் கம்பி, உறை கிடையாது.

படத்தைத் தம்பியிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவன் மனைவிதான் சொன்னாள்: "அந்த பால்கனியிலதானே துணி உலர்த்தலாம்னு சொன்னேன்." ஈரத்துணி, கையில் துணி உலர்த்தும் கழி, பக்கத்தில் நாலு வயதுப் பேரன். யாருக்கும் மேலே எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கட்டித் தருகிறவரிடம் போனோம். அவர் நல்ல மனிதர்தான். "கம்பியை அப்புறம் தள்ளி வெச்சுக்கலாம் சார்" என்றார். கம்பியை நாமாகத் தள்ள முடியாது, மின்வாரியத்துக்கு விண்ணப்பம் கொடுத்து, மதிப்பீடு வாங்கி, பணம் கட்டிக் காத்திருக்க வேண்டும். எப்போது நடக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. விண்ணப்பம் கொடுத்தோம், ஆனால் அதை நம்பிக் கட்டவில்லை. கணக்கு எளிமையானது: 5½ அடியில் 4 அடி போனால் ஒன்றரை அடிதான் நீட்டலாம், அதுவும் கம்பி ஆடாமல் இருந்தால். ஆகவே இரண்டாம் மாடி பால்கனியையே எடுத்துவிட்டு, சுவரோடு பெரிய ஜன்னல், உள்பக்கம் கிராதி என்று மாற்றினோம். துணி உலர்த்துவது மொட்டைமாடியின் பின்பகுதிக்குப் போனது. முதல் மாடி பால்கனியின் கைப்பிடி 14 அடி உயரத்தில் முடிகிறது. நிற்கிறவர் தலைக்கு மேலேதான் கம்பி, ஆனாலும் அதையும் ஒன்றரை அடிக்குக் குறைத்துப் பூந்தொட்டி வைக்கும் திட்டு ஆக்கிவிட்டோம். அடித்தளம் தோண்டும் முன்பே இதெல்லாம் நடந்ததால் வரைபடத்தில் நாலு கோடு மாறியதோடு போயிற்று. கான்கிரீட் போட்ட பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீடு இப்போது பூச்சு வேலையில் இருக்கிறது. படத்தையும் வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வானம் மட்டும் நான் கொஞ்சம் அதிக நீலமாகப் போட்டுவிட்டேன். எங்கள் பக்கத்து வானம் பெரும்பாலும் வெளுத்துப்போய்த்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் ஏறக்குறைய சரி.

ஆகவே உங்களிடம் யாராவது வீட்டுப் படம் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படத்தை எடுத்தவர் எங்கே நிற்கிறார், அங்கே உண்மையில் நிற்க இடம் இருக்கிறதா? தண்ணீரும் குளிர்காற்றும் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன? தெருவில் இருக்கும் கம்பி படத்தில் எங்கே? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். படத்தில் போட முடியாது என்றால், கம்பியின் இடத்தைக் காட்டும் வெட்டுத்தோற்றம் ஒன்றையாவது அடி அளவோடு வரைந்து தரச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை அது.

மனை வைத்திருப்பவர்கள் அளவுகளோடு வந்தால் என் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம். மாலை 4 மணிக்கு மேல் நான் சும்மாதான் இருக்கிறேன். வரும்போது தெருவின் போட்டோ ஒன்று எடுத்து வாருங்கள், அதில் கம்பமும் கம்பத்துக்குப் பக்கத்தில் உயரம் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும்.

காபி வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.